முதல் நிலைப் பேச்சுத் தமிழ்: ஹோட்டலில் சாப்பாடு கேட்பது, விலை கேட்பது

தமிழ் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தெரிந்தும் வாய் திறந்து பேசத் தயங்குகிறவர்களுக்காக இந்தப் பாடம். உரையாடலைப் பேச்சு வழக்கிலேயே எழுதியிருக்கிறேன். "எனக்கு இரண்டு இட்லிகள் வேண்டும்" என்று எந்த ஹோட்டலிலும் யாரும் சொல்வதில்லை. "ரெண்டு இட்லி கொடுங்க" என்பதுதான் அங்கே காதில் விழும். நீங்களும் அதையே சொல்லுங்கள். இலக்கண நூலில் இருக்கும் நீளமான வாக்கியங்களுக்கு அவசரமில்லை.

இடம் கும்பகோணம், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சைவ ஹோட்டல். நேரம் காலை எட்டரை மணி. சுவரில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. அதில் பலகாரங்களின் பெயர் மட்டும்தான் இருக்கிறது, விலை இல்லை. மீரா வேலை மாற்றலில் புனேயிலிருந்து வந்தவர். சர்வர் மீராவைவிடப் பத்து வயதாவது மூத்தவர், அதனால் மீரா அவரை "அண்ணா" என்கிறார். கல்லாவில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார்.

உள்ளே வந்ததும்

சர்வர்: வாங்கம்மா, உக்காருங்க. தண்ணி வைக்கவா?

மீரா: வைங்கண்ணா. சுடுதண்ணி இருக்கா?

சர்வர்: இருக்கு, கொண்டு வர்றேன். என்ன சாப்பிடுறீங்க?

மீரா: என்ன இருக்கு?

சர்வர்: இட்லி வடை பொங்கல் பூரி தோசை ரவா தோசை நெய் ரோஸ்ட்.

மீரா: கொஞ்சம் மெதுவா சொல்லுங்கண்ணா. எனக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும்.

சர்வர்: சரிம்மா. இட்லி இருக்கு. வடை இருக்கு. பொங்கல் இருக்கு. பூரி இருக்கு. தோசையில சாதா, ரவா, நெய் ரோஸ்ட், மூணும் இருக்கு.

சர்வர்கள் இந்தப் பட்டியலை ஒரே மூச்சில் சொல்வார்கள். தமிழ்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் சில நேரம் இரண்டாம் தடவை கேட்பார்கள். அதனால் "மெதுவா சொல்லுங்க" என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். இந்தப் பாடத்தில் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்வதாக இருந்தால் அதைச் செய்யுங்கள்.

விலை கேட்டு, சொல்லி வாங்குவது

மீரா: பொங்கல் எவ்வளவு?

சர்வர்: நாப்பத்தஞ்சு ரூபா.

மீரா: பொங்கல்ல முந்திரி இருக்கா?

சர்வர்: இருக்கும்மா. நெய்யில வறுத்துப் போட்டிருக்கு.

மீரா: அப்போ வேண்டாம். முந்திரி எனக்கு ஒத்துக்காது. இட்லி எவ்வளவு?

சர்வர்: ஒண்ணு பத்து ரூபா.

மீரா: வடை?

சர்வர்: பன்னெண்டு.

மீரா: சரி. ரெண்டு இட்லி, ஒரு வடை கொடுங்க.

சர்வர்: வடையை சாம்பார்ல போட்டுத் தரவா, தனியா வைக்கவா?

மீரா: தனியா வைங்க.

விலை கேட்பதற்கு "எவ்வளவு?" ஒன்று போதும். பேசும்போது அது "எவ்ளோ?" என்று சுருங்கிவிடும். பொருளின் பெயரை முதலில் சொல்லி, பின்னால் அதைச் சேர்த்துவிடுங்கள்: இட்லி எவ்வளவு? காபி எவ்வளவு? அடுத்த பொருளுக்கு அதுகூடத் தேவையில்லை. மீரா கேட்டதுபோல "வடை?" என்று குரலைக் கொஞ்சம் உயர்த்தினாலே சர்வர் விலையைச் சொல்லிவிடுவார். இட்லி, வடை விலையைக் கேட்கும்போது அது ஒன்றின் விலையா, ஒரு தட்டின் விலையா என்று கவனியுங்கள். "ஒண்ணு பத்து ரூபா" என்றால் ஒரு இட்லிக்குப் பத்து. "செட்" என்றால் ஒரு தட்டில் வருவது முழுவதற்கும் சேர்த்த விலை. பூரியை அப்படித்தான் விற்பார்கள்.

"ஒத்துக்காது" என்பது உடம்புக்கு ஆகாது என்பதைச் சொல்ல வீட்டிலும் கடையிலும் எல்லோருக்கும் புரியும் சொல். முந்திரி, வேர்க்கடலை, பால் போன்றவை உங்களுக்கு ஆகாது என்றால், ஒவ்வொரு பலகாரத்துக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரு தடவை சொல்லியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். காலைக் கூட்டத்தில் சர்வர் நாலைந்து மேஜைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். கீழே மீரா மறுபடியும் கேட்பதைப் பாருங்கள்.

இன்னும் கொஞ்சம்

மீரா: அண்ணா, கொஞ்சம் சாம்பார்.

சர்வர்: இந்தாங்க. சட்னி வைக்கவா?

மீரா: போதும். சட்னி காரமா இருக்கு.

சர்வர்: தேங்காய்ச் சட்னி தரேன், அது காரம் இருக்காது. வேற என்ன வேணும்?

மீரா: ரவா தோசை எவ்வளவு?

சர்வர்: எழுபது. பத்து நிமிஷம் ஆகும்.

மீரா: அதுல முந்திரி இருக்கா?

சர்வர்: ஆமாம்மா, மாஸ்டர் போடுவார். சாதா தோசையில இருக்காது. அது அம்பது ரூபா.

மீரா: அப்போ ஒரு சாதா தோசை. நல்லா முறுகலா கொடுங்க.

சர்வர்: மாஸ்டர், ஒரு சாதா, முறுகலா!

(தோசை வருகிறது. மீரா சாப்பிட்டு முடிக்கிறார்.)

சர்வர்: காபி, டீ?

மீரா: ஒரு காபி. சர்க்கரை கம்மியா.

சர்வர்: ஸ்ட்ராங்கா, லைட்டா?

மீரா: ஸ்ட்ராங்கா கொடுங்க. காபி எவ்வளவு?

சர்வர்: இருபத்தஞ்சு.

இட்லி, தோசைக்குக் கூடுதல் சாம்பாருக்கோ சட்னிக்கோ இப்படிப்பட்ட ஹோட்டல்களில் தனிக் காசு வாங்குவதில்லை. தயங்காமல் கேட்கலாம். காபி டபராவும் டம்ளருமாக வரும். சூடாக இருந்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஊற்றி ஆற்றிக் குடியுங்கள். கும்பகோணத்தில் உட்கார்ந்து காபி குடிக்காமல் எழுந்து போவது நியாயமே இல்லை, அதனால்தான் உரையாடலில் அதைச் சேர்த்தேன்.

கல்லாவில்

மீரா: பார்சல் கிடைக்குமா அண்ணா?

சர்வர்: கிடைக்கும். என்ன வேணும்?

மீரா: நாலு இட்லி பார்சல்.

சர்வர்: சரி, கல்லாவுல வாங்கிக்கோங்க. இந்தாங்க பில்.

(மீரா பில்லைப் பார்க்கிறார். பிறகு கல்லாவுக்குப் போகிறார்.)

பெரியவர்: நூத்தி அறுபத்தி நாலு ரூபாம்மா.

மீரா: ஐயா, ஒரு நிமிஷம். இதுல ரெண்டு வடைன்னு இருக்கு. நான் ஒரு வடைதான் சாப்பிட்டேன்.

பெரியவர்: அப்படியா? (சர்வரிடம்) அந்த மேஜைக்கு வடை எத்தனை?

சர்வர்: ஒண்ணுதாங்க. தப்பா எழுதிட்டேன்.

பெரியவர்: அப்போ பன்னெண்டு ரூபா கழிச்சுடலாம். நூத்தி அம்பத்திரெண்டு.

மீரா: பார்சலுக்குத் தனியா எவ்வளவு?

பெரியவர்: அஞ்சு ரூபா. அதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

மீரா: சரிங்க. இந்தாங்க இருநூறு.

பெரியவர்: ரெண்டு ரூபா சில்லறை இருக்கா?

மீரா: இருக்கு, இந்தாங்க.

பெரியவர்: இந்தாங்க மீதி அம்பது. பார்சலை எடுத்துக்கோங்க.

மீரா: நன்றிங்க. போயிட்டு வர்றேன்.

பெரியவர்: வாங்கம்மா, நல்லா இருங்க.

பெரியவர் ஏன் இரண்டு ரூபாய் கேட்டார் என்று புதிதாக வந்தவர்கள் குழம்புவார்கள். நூற்று ஐம்பத்திரண்டு போக இருநூறில் மீதி நாற்பத்தெட்டு. அதைச் சில்லறையாகப் பொறுக்குவதைவிட, இரண்டு ரூபாயை வாங்கிக்கொண்டு ஓர் ஐம்பது ரூபாய்த் தாளைக் கொடுப்பது அவருக்கு எளிது. இந்தக் கேள்வி தினமும் வரும். கையில் இல்லாவிட்டால் "சில்லறை இல்லைங்க" என்று சொல்லலாம். போனில் பணம் அனுப்புவதாக இருந்தால் "ஸ்கேன் பண்ணலாமா?" என்று கேளுங்கள், கல்லாவில் ஒட்டியிருக்கும் அட்டையைக் காட்டுவார்கள்.

பில்லில் தப்பு இருந்தால் மீரா சொன்ன மாதிரி சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டியதில்லை. "நான் ஒரு வடைதான் சாப்பிட்டேன்" என்பதில் "தான்" வேலையைச் செய்துவிடுகிறது. கொஞ்சம் பெரிய ஹோட்டலில் பில்லின் கீழே 5 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கும். "வரியோட எவ்வளவு?" என்று முன்பே கேட்டுவிடலாம்.

கிளம்பும்போது "போறேன்" என்று சொல்லாதீர்கள். மீராவைப் போல "போயிட்டு வர்றேன்" அல்லது சுருக்கமாக "வர்றேன்" என்று சொல்லுங்கள்.

மதியம் வந்தால்

அதே ஹோட்டல், மணி ஒன்று. இப்போது இட்லி கிடைக்காது, இலை போட்டுச் சாப்பாடு.

மீரா: சாப்பாடு எவ்வளவுண்ணா?

சர்வர்: அளவு சாப்பாடு எண்பது. ஃபுல் சாப்பாடு நூத்தி இருபது.

மீரா: ஒரு ஃபுல் சாப்பாடு.

சர்வர்: சாதம் போடவா?

மீரா: கொஞ்சமா போடுங்க. போதும், போதும்.

சர்வர்: சாம்பாரா, வத்தக்குழம்பா?

மீரா: முதல்ல சாம்பார்.

சர்வர்: ரசம் ஊத்தவா?

மீரா: ஊத்துங்க. மோருக்கும் கொஞ்சம் சாதம் வேணும்.

அளவு சாப்பாட்டில் சாதம் ஒரு தடவைதான். ஃபுல் சாப்பாட்டில் வயிறு நிறையும் வரை கேட்கலாம். "போதும்" என்று சொல்லும்போது கையை இலைக்கு மேலே விரித்துக் காட்டுங்கள். வாயால் மட்டும் சொன்னால் இன்னொரு கரண்டி விழுந்துவிடும், அன்பாகத்தான். சாம்பார், ரசம், மோர் என்ற வரிசையில் சாதத்தைப் பிரித்துச் சாப்பிடுவது வழக்கம், அதனால் முதலிலேயே நிறைய வாங்கிவிடாதீர்கள்.

எண்கள்

விலை புரிய வேண்டுமென்றால் பத்துகள் காதுக்குப் பழக வேண்டும்: பத்து, இருபது, முப்பது, நாப்பது, அம்பது, அறுபது, எழுபது, எண்பது, தொண்ணூறு, நூறு. எண்பதும் தொண்ணூறும் புதியவர்களுக்கு அடிக்கடி மாறிப்போகும், இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பழகுங்கள். நடுவில் வரும் எண்களுக்கு இருபது "இருபத்தி" ஆகும், நாப்பது "நாப்பத்தி" ஆகும்: இருபத்தி மூணு, நாப்பத்தி ஏழு. அஞ்சு வந்தால் ஒட்டிக்கொள்ளும்: இருபத்தஞ்சு, நாப்பத்தஞ்சு. நூறுக்கு மேலே போனால் "நூத்தி": நூத்தி இருபது.

பயிற்சி

இருவராகச் சேர்ந்து, ஒருவர் சர்வராகவும் பிறகு கல்லாக்காரராகவும் நடியுங்கள். சாப்பிட வருகிறவர் தோழியோடு வந்திருக்கிறார். பூரி செட் அம்பது ரூபாய், வடை பன்னெண்டு, காபி இருபத்தஞ்சு, டீ பதினஞ்சு. இரண்டு பூரி செட், இரண்டு வடை, ஒரு காபி, ஒரு டீ வாங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் முதலில் விலை கேளுங்கள். ஒரு வடை சாம்பாரில் ஊற வேண்டும், இன்னொன்று தனியாக வேண்டும். டீயில் சர்க்கரை வேண்டாம். மொத்தத்தைக் கூட்டித் தமிழிலேயே சொல்லி, இருநூறு ரூபாய் கொடுங்கள். "நாலு ரூபா சில்லறை இருக்கா?" என்று கல்லாவில் கேட்பார்கள். நாலு ரூபாயைக் கொடுத்துவிட்டு, கைக்கு வரும் மீதி எவ்வளவு என்று சத்தமாகச் சொல்லுங்கள்.