கல்லாவின் உள்குழி

சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் கந்தசாமியின் கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு, ஆனால் யாரும் அதைப் படித்ததில்லை. வெல்லக் கடை என்றால் தெரியும். பருப்பு, புளி, மிளகாய், ஜவ்வரிசி எல்லாம் விற்றாலும், படியேறும்போதே மூக்கில் ஏறுவது ஓமலூர் பக்கத்து வெல்லத்தின் வாசனைதான்.

அவருடைய அப்பா காலத்தில் பேரேடும் துண்டுச் சீட்டும்தான். 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது, இனிமேல் தாக்குப்பிடிக்க முடியாது என்று ஆடிட்டர் சொல்லி, வேண்டா வெறுப்பாகக் கம்ப்யூட்டர் வாங்கினார். உள்ளறையில் ஒன்று, சரக்குக் கணக்கு மொத்தமும் அதில். கல்லா மேஜையில் இன்னொன்று. அதில் கௌரி உட்கார்ந்து பில் போடுவாள். இரண்டையும் இணைப்பது சுவர் ஓரமாக ஓடும் ஒரு வயர். அந்த வயர் இருப்பதே ஆனி மாதம் பிறக்கும் வரைக்கும் கந்தசாமிக்குத் தெரியாது.

அப்புறம்தான் ஆரம்பித்தது. பாதி பில்லில் திரை அப்படியே நிற்கும். மூலையில் சின்னதாகச் சிவப்புப் பெருக்கல் குறி. கொஞ்ச நேரத்தில் அதுவாகவே போய்விடும், ஆனால் போட்ட பில் போனது போனதுதான். மூடித் திறந்து, முதல் பொருளிலிருந்து மறுபடி அடிக்க வேண்டும். ஆடி நெருங்குகிறது. கூழுக்கும் மாவிளக்குக்கும் வெல்லம் வாங்க ஊரே வரும் நேரம். வாசலில் நிற்கும் ஆள் பக்கத்துக் கடையைத் திரும்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பையன் வந்தான். ஒரு கருப்புத் திரையைத் திறந்து ஏதோ அடித்தான். வரிசையாக எழுத்து ஓடியது. டீ குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"லைன் நல்லா இருக்குதுங்க. ஒண்ணுகூட விட்டுப்போகலை."

"அப்ப ஏம்ப்பா நிக்குது?"

"ரெண்டு கம்ப்யூட்டரையும் சேர்க்கிற ஸ்விட்ச் பாக்ஸ் சூடாகுதோ என்னவோ. மாத்திப் பாக்கலாம்."

மாற்றினார்கள். அன்று சாயங்காலமே நின்றது. மறுபடி வந்தவன், உள்ளறையிலிருந்து புதுசாக வயர் இழுத்துவிடலாம், ஆனால் அதற்கு மூட்டைகளை எல்லாம் நகர்த்த வேண்டும் என்றான். ஆடி மாதத்தில் மூட்டையை நகர்த்தச் சொல்கிறவன் வியாபாரம் தெரியாதவன் என்று கந்தசாமி அவனை அனுப்பிவிட்டார்.

காரணத்தை அதற்குள் அவரே கண்டுபிடித்திருந்தார். தாரமங்கலத்துக்காரர்.

தாரமங்கலத்தில் கோயிலுக்குப் போகும் வழியில் கடலை உருண்டையும் எள்ளுருண்டையும் போட்டு விற்கிறவர். வயது அறுபதுக்கு மேல். வாரம் இரண்டு தடவை பஸ் ஏறி வந்து வெல்லம் எடுப்பார். விலை பேசமாட்டார், கடன் சொல்லமாட்டார். ஆனால் அவர் வந்து நின்றால் கம்ப்யூட்டர் நிற்கிறது. முதல் தடவை தற்செயல் என்று விட்டார். அடுத்த வாரமும் நின்றது. அதற்கடுத்த வாரம், அவர் ரோட்டைத் தாண்டி வருவதைப் பார்த்ததும் கந்தசாமி கௌரியிடம், "வர்றாரு பாரு, இப்ப நிக்கும்" என்றார். நின்றது.

இப்படி மூன்று தடவை பலித்துவிட்டால் மனுஷன் அதற்கு மேல் வேறு காரணம் தேடமாட்டான். அவர் வராத நாட்களிலும் நிற்கத்தான் செய்தது. அதற்கு வெயில், கரண்ட், ராகு காலம் என்று தனிக்கணக்கு வைத்துக்கொண்டார்.

"நல்ல மனுஷன்தான். ராசி அப்படி" என்று எடை போடும் மணியிடம் சொன்னார். மணி அதைக் கடைத்தெரு முழுக்கச் சொன்னான்.

ஆடி பிறந்து முதல் வாரம் தாரமங்கலத்துக்காரர் வந்தபோது கம்ப்யூட்டர் நின்று, கௌரி இரண்டாம் தடவை பில் அடித்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் பஸ் நேரம். பழைய பஸ் ஸ்டாண்டுக்கு ஓட வேண்டும். கந்தசாமி துண்டுச் சீட்டில் கணக்கு எழுதிக் கொடுத்தார். நாற்பது ரூபாய் பாக்கி தர வேண்டியிருந்தது. கல்லாவைத் திறக்கவே அவருக்குக் கடுப்பு. "அடுத்த தடவை கழிச்சுக்கலாங்க" என்று சொன்ன விதம் அப்படி ஒன்றும் நன்றாக இல்லை. பெரியவர் தலையாட்டிவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவர் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. கம்ப்யூட்டர் மட்டும் நிற்பதை நிறுத்தவில்லை.

கௌரிக்குக் கம்ப்யூட்டர் படிப்பு ஒன்றும் கிடையாது. பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியவள். ஆனால் ஒரே பில்லை இரண்டு தடவை அடிக்கிறவள் அவள்தான். அந்தக் கோபம் முதலாளிக்கு வராது. பழுது பார்க்க வந்த பையன் அடித்ததை அவள் பில் புத்தகத்தின் பின்னட்டையில் குறித்து வைத்திருந்தாள். ஒருநாள் காலையில், கடை திறந்ததும் அதையே அடித்து, கருப்புத் திரையைச் சின்னதாக்கி ஓரத்தில் ஓடவிட்டாள்.

```
ping -t 192.168.1.10
```

உள்ளறைக் கம்ப்யூட்டரை நொடிக்கொரு தடவை கூப்பிட்டு, இருக்கிறாயா என்று கேட்பது மாதிரி. இருக்கிறேன் என்று பதில் வந்துகொண்டே இருந்தது. கூட்டம் வந்தது, போனது. மிக்சர் கடைக்காரர் கடலைப்பருப்பு வாங்கினார். மேச்சேரியிலிருந்து வந்த கல்யாண வீட்டுக்காரர்கள் நீளமான பட்டியலோடு உட்கார்ந்து மொத்தச் சரக்கும் எடுத்தார்கள். ஒரு சிக்கலும் இல்லை. பதினோரு மணிக்குப் புளி லோடு இறங்கியது. சுமைக்காரர்கள் வேர்வையைத் துடைத்துக்கொண்டு கூலிக்கு நின்றார்கள். கந்தசாமி கல்லாவைத் திறந்தார். திரையின் ஓரத்தில் வரிகள் மாறின.

```
Reply from 192.168.1.10: bytes=32 time<1ms TTL=128
PING: transmit failed. General failure.
PING: transmit failed. General failure.
```

கல்லாவை மூடினார். நான்கைந்து நொடியில் மறுபடி பழைய பதில்.

கௌரி ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால், சும்மா இரு என்பார். சாயங்காலம் மறுபடி ஒரு லோடு. மறுபடி கூலி. மறுபடி அதே இரண்டு வரி. ஸ்விட்ச் பாக்ஸோ உள்ளறைக் கம்ப்யூட்டரோ கெட்டிருந்தால் கல்லா அதற்கு எப்படித் தெரியும்? சுமைக்காரர்களையும் தாரமங்கலத்துக்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்துப் பார்த்தாள். சுமைக்காரர்களுக்குப் பத்தும் இருபதுமாகக் கொடுக்க வேண்டும். தாரமங்கலத்துக்காரர் பத்தும் இருபதுமாகக் கொண்டுவருவார். உருண்டை விற்ற காசு. ரப்பர் போட்டுக் கட்டுக் கட்டாக இருக்கும். மற்றவர்கள் போனில் கட்டுவார்கள், இல்லாவிட்டால் ஐநூறு ரூபாய்த் தாள். ஐநூறு கல்லாவின் முன்குழியிலேயே இருக்கிறது. சில்லறைக் கட்டு வைப்பது கடைசி உள்குழியில்.

"அண்ணா, கல்லாவை இழுங்க."

"எதுக்கு? யாருக்குச் சில்லறை வேணும்?"

"யாருக்கும் வேண்டாம். சும்மா இழுங்க. பாதிதான்."

இழுத்தார். பதில் வந்துகொண்டிருந்தது.

"இப்ப முழுசா."

நின்றது.

"மூடுங்க."

வந்தது.

கந்தசாமி திரையைப் பார்த்தார், கல்லாவைப் பார்த்தார். மறுபடி இழுத்தார். மூடினார். வாசலில் கால் கிலோ வெல்லத்துக்கு நின்ற அம்மா, "என்னங்க, கல்லா கெட்டுப்போச்சா?" என்று கேட்டும் அவர் நிறுத்தவில்லை. கடைசியில் மணியிடம் டார்ச்சை வாங்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, மேஜைக்கு அடியில் புகுந்தார்.

ஆனி மாதம் வெள்ளை அடிக்க மேஜையை நகர்த்தினார்கள். அப்போது மணி, கல்லாக் கம்ப்யூட்டரிலிருந்து சுவர்ப் பெட்டிக்குப் போகும் குட்டை வயரை அங்கிருந்து பிடித்து இழுத்திருக்கிறான். முனையில் பிளாஸ்டிக்கில் ஒரு சின்ன நாக்கு இருக்கும், அதை அமுக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அமுக்காமல் இழுத்ததில் நாக்கு முறிந்துவிட்டது. திருப்பிச் செருகும்போது 'டிக்' என்று சத்தம் வரவில்லை. அது யாருக்குத் தெரியும்? உள்ளே எட்டுக் கம்பிகளும் ஏதோ தொட்டுக்கொண்டு நின்றன. அதோடு, மேஜையைத் திரும்பப் போட்டபோது வயர் கல்லாவின் பின்பலகையில் துருத்திக்கொண்டிருந்த ஆணியில் மாட்டிக்கொண்டது. முழுசாக இழுத்தால் ஆணி வயரை இழுக்கும். முனை ஒரு நூல் அளவு வெளியே வரும். மூடினால் பின்பலகையே அதை முட்டி உள்ளே தள்ளிவிடும். கெடுப்பதும் கல்லா, சரி பண்ணுவதும் கல்லா. பழுது பார்க்கிற பையன் வந்த இரண்டு தடவையும் அது மூடித்தான் இருந்தது. வந்தவன் முன்னால் கல்லாவை விரியத் திறந்து வைக்கிற வழக்கம் கந்தசாமிக்கு இல்லை.

நாக்கு முறியாத புது வயர் நூறு ரூபாய்கூட ஆகவில்லை. கொஞ்சம் நீளமாகவே வாங்கி, மேஜைக் காலோடு சேர்த்துக் கட்டினார்கள். ஆணியைக் கந்தசாமியே எடைக்கல்லால் அடித்து உள்ளே இறக்கினார். மணியைத் திட்ட வாயெடுத்தவர், ராசிக் கதையை யார் ஆரம்பித்தது என்பது ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டார்.

ஆடிப் பெருக்கு கழிந்த மறுநாள், எதிர்வரிசைக் கடை வாசலில் தாரமங்கலத்துக்காரர் நிற்பதை மணிதான் பார்த்தான். கந்தசாமி செருப்புகூடப் போடாமல் ரோட்டைத் தாண்டினார்.

"என்னங்க, நம்ம கடைப் பக்கமே காணோம்?"

பெரியவர் சங்கடமாகச் சிரித்தார். "உங்களுக்கு எதுக்குங்க தொந்தரவு? நான் வந்தா அந்தப் பெட்டி ஓட மாட்டேங்குதாம். இங்க நோட்டுலதான் எழுதுறாங்க. நான் வந்தாலும் நோட்டு நிக்காது."

"அதெல்லாம் ஒரு வயருங்க. வாங்க, காட்டறேன்."

கூட்டிக்கொண்டு வந்தார். முறிந்த நாக்கோடு பழைய வயர் மேஜை மேலேயே கிடந்தது. கந்தசாமி அதைக் கையில் எடுத்து, ஆணியையும் கல்லாவையும் காட்டி, நடுவில் கௌரியைச் சொல்ல விடாமல் தானே முழுக்கச் சொன்னார். பெரியவர் பொறுமையாகக் கேட்டார். வயரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரிங்க. வயருதான். ஆனா ராசின்னு சொன்னது வயரு இல்லைங்களே."

கந்தசாமி வெல்லச் சிப்பத்தை ஒரு பார்வை பார்த்தார். "இன்னைக்கு எவ்வளவு போடட்டுங்க?"

"எப்பவும் எடுக்கறதுதான்." பெரியவர் மடியிலிருந்து ரப்பர் போட்ட கட்டை எடுத்து மேஜையில் வைத்தார். கந்தசாமி கல்லாவை அதன் எல்லை வரைக்கும் இழுத்தார். கௌரியின் பில் ஒரே மூச்சில் அச்சாகி வெளியே வந்தது. பெரியவர் அதைத் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, மேலிருந்து கீழே வரைக்கும் படித்தார்.

"பெட்டி நல்லாத்தான் ஓடுதுங்க. ஆனா போன தடவை நாற்பது ரூபா, அதை இதுல காணோமே?"