லைன் இன்ஸ்பெக்டர் முருகேசனுக்கு

தம்பி முருகேசா, லைன் இன்ஸ்பெக்டர் ஆயிட்டே. வாழ்த்துகள்!

சாப்பிட்டியா, அங்க மழை உண்டா, சின்னவளுக்குப் பரீட்சை முடிஞ்சுதா, இதெல்லாம் இன்னைக்குக் கேட்கப் போறதில்ல. ஆர்டர் வந்தாச்சுன்னு ஏ.இ. ஆபீஸ்ல சொன்னாங்க. அதுக்கப்புறம் உன்கிட்டப் பேசுற முதல் வார்த்தை வேற எதுவா இருந்தாலும் தப்பு.

வேதாரண்யம் பக்கம் லைன் பார்த்த கம்பியாளருக்குக் கிடைச்ச பதவி உயர்வுக்கு எடை ஜாஸ்தி. அகஸ்தியம்பள்ளி உப்பளத்து ஓரமாப் போற ஃபீடர் விடியக்காலம் நாலு மணிக்கு டிரிப் ஆகும், வெயில் ஏறினதும் டிரிப் ஆகுறது தானா நின்னுடும். மத்தவங்க மரக்கிளையைத் தேடி லைன் நெடுக நடப்பாங்க. நீ நேரா இன்சுலேட்டரைப் பார்ப்பே. படிஞ்ச உப்பு காய்ஞ்சு கிடக்கும்போது ஒண்ணும் செய்யாது, பனியில ஈரமானாத்தான் அது மேல கரண்ட் ஊரும். கொட்டுற மழை கழுவி விட்டுடும், தூறல்தான் ஆபத்து. இதைப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். கம்பம் நடுறதுலயும் அப்படித்தான். 8 மீட்டர் கம்பத்துக்கு ஆறுல ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 1.35 மீட்டர் குழின்னு கணக்கு. மணல் தரையில அந்தக் கணக்கு நிக்காதுன்னு, இன்னும் ஆழமாத் தோண்டி அடியில கல் போட்டுக் கெட்டிச்சு, ஸ்டே கம்பியை இழுத்துக் கட்டாம நீ கீழே இறங்க மாட்டே. 2018 நவம்பர் 16 கஜாவுக்கு அப்புறம் இந்தக் கடற்கரையில கம்பத்தோட அருமை தெரியாதவன் யாரும் இல்ல.

இது வரைக்கும் வாழ்த்து. இனிமேலும் வாழ்த்துதான், ஆனா கொஞ்சம் சார்ஜ் ஒப்படைக்கிற மாதிரி இருக்கும், பொறுத்துக்கோ.

நேத்து வரைக்கும், லைனை நிறுத்தி வேலை பார்க்க சப்ஸ்டேஷன்ல வாங்குற அனுமதி, அந்த எல்.சி.யை எடுத்துக் கொடுக்க ஒருத்தர் இருந்தார், நீ ஏறினே. இனி உன் பேர்ல எல்.சி. சப்ஸ்டேஷன் ரிஜிஸ்டர்ல ஃபீடர் பேரை நீயே படிச்சுப் பாரு, ஆபரேட்டர் வாயால சொன்னதை மட்டும் நம்பாதே. நம்ம பக்கம் ரெண்டு ஃபீடர் ஒரே கம்பத்துல போற இடம் இருக்கு. ஒண்ணுக்கு எல்.சி. வாங்கிட்டு இன்னொண்ணுல கை வைக்கிறது அங்கதான் நடக்கும். ரெண்டுமே நிக்காம அந்தக் கம்பத்துல ஆள் ஏத்தாதே.

ஏ.பி. சுவிட்சை இறக்கின பிறகு அண்ணாந்து பாரு. கைப்பிடி முழுசா கீழே வந்திருக்கும், மூணு பிளேடுல ஒண்ணு மட்டும் துருப் பிடிச்சு ஒட்டிக்கிட்டு நிக்கும். உப்புக் காத்துல இது அடிக்கடி. மூணு பிளேடுலயும் இடைவெளியில வெளிச்சம் தெரிஞ்சாத்தான் திறந்த சுவிட்ச். அப்புறம் பூட்டு, சாவி உன் சட்டைப்பையில. வேற யார் பையிலயும் இல்ல.

டெஸ்டர் வச்சு சப்ளை இல்லைன்னு பார்த்த பிறகு எர்த் ராடு. முதல்ல பூமிப்பக்கம் கட்டிட்டு, அப்புறம்தான் கம்பியில மாட்டணும். கழட்டும்போது தலைகீழ்: கம்பிப்பக்கம் முதல்ல, பூமிப்பக்கம் கடைசியில. மாத்திச் செஞ்சா ராடு பிடிச்சவன் கையே எர்த் ஆயிடும். வேலை நடக்குற இடத்துக்கு ரெண்டு பக்கமும் போடு. ஒரு பக்கம் போதும்னு சொல்றவனுக்கு இறால் பண்ணை ஞாபகம் வரணும். குட்டையில ஏரேட்டர் நின்னா இறால் செத்துடும்னு, கரண்ட் போன நிமிஷமே ஜெனரேட்டரைப் போடுவாங்க. சேஞ்ச் ஓவர் ஒழுங்கா இல்லைன்னா அந்த 400 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்குள்ள பின்வழியா ஏறி 11,000 ஆகி வெளிய வரும். அதனால ஹெச்.டி. சுவிட்ச் திறந்ததோட நிக்காதே, அந்த செக்‌ஷன்ல இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் எல்லாத்துலயும் எல்.டி. ஃபியூஸைப் பிடுங்கு. பையன்கள் முணுமுணுப்பாங்க. முணுமுணுக்கட்டும்.

வேலை முடிஞ்சா ஆளை எண்ணு, ராடை எண்ணு, கயிறை எண்ணு, அப்புறம் எல்.சி.யைத் திருப்பு. எடுத்தவன்தான் திருப்பணும். “பதினோரு மணிக்கு லைன் போட்டுடுங்க” அப்படின்னு மணி சொல்லி வைக்கிற பழக்கம் உன் செக்‌ஷன்ல இருக்கவே கூடாது. செல்லுக்கு டவர் இல்லாத இடத்துல பையன் இன்னும் மேல இருப்பான், அங்க ஆபரேட்டர் கடிகாரத்தைப் பார்த்துட்டு பிரேக்கரைப் போட்டுடுவார்.

டிரான்ஸ்ஃபார்மர் கணக்கு உனக்குத் தெரிஞ்சதுதான், ஆனா இனி நோட்டுல எழுதணும். 100 கே.வி.ஏ.க்கு எல்.டி. பக்கம் முழு லோடு ஒரு பேஸுக்கு 133 ஆம்பியர். சாயந்தரம் ஏழு மணிக்கு கிளாம்ப் மீட்டரைப் போட்டா ஒரு பேஸ் 160, இன்னொண்ணு 70 காட்டும். ஃபியூஸ் போகும், பையன் ரெண்டு இழை சேர்த்துக் கட்டிட்டு வந்துடுவான், ஃபியூஸ் நிக்கும், உள்ள காயில் கருகும். இழையைத் தடிமனாக்குறது தீர்வு இல்ல. நாலஞ்சு சர்வீஸைப் பக்கத்துப் பேஸுக்கு மாத்து. அப்படியே நியூட்ரல் ஜாயிண்டையும் இறுக்கிடு. நியூட்ரல் விட்டா 230 வர வேண்டிய வீட்டுக்கு முந்நூறுக்கு மேல ஏறும், அன்னைக்கு ராத்திரியே தெருப் பூராவும் டி.வி. புகையும், மறுநாள் ஆபீஸ் வாசல்ல கூட்டம். ப்ரீதர்ல சிலிக்கா ஜெல் நீலமா இருக்கான்னு பாரு. இளஞ்சிவப்பு ஆயிருந்தா ஈரம் உள்ள போயிக்கிட்டு இருக்கு.

ஸ்டே கம்பியில ஆடு கட்டுற ஆச்சிகிட்ட மட்டும் இன்ஸ்பெக்டர் மாதிரிப் பேசாதே. ஸ்டே இன்சுலேட்டர் உடைஞ்சிருந்தா ஆடு போறதோட நிக்காதுன்னு பொறுமையாச் சொல்லு.

இதுல எல்லாத்தையும்விடக் கஷ்டம் ஒண்ணு இருக்கு. நேத்து வரைக்கும் உன்னோட ஒரே டம்ளர்ல டீ குடிச்சவன், “சும்மா ரெண்டு நிமிஷம்ணே, ஏறி இறங்கிடுறேன்” அப்படிம்பான். பெல்ட் மாட்டியிருக்க மாட்டான். கிளவுஸ் வண்டியில கிடக்கும். முடியாதுன்னு சொல்லு, அதையும் எல்லார் முன்னாடியும் சொல்லு. கோச்சுக்குவான், ரெண்டு நாள் பேச மாட்டான். கிளவுஸைச் சுருட்டி காத்து அடைச்சு, பொத்தல் இருக்கான்னு அவன் கண்ணு முன்னாடியே நீ பார்த்துக் கொடு. மூணாம் நாள் அவனே பார்த்துட்டு மாட்டுவான்.

பரிசுன்னு சட்டைத்துணி எடுக்கல. ஏ.பி. சுவிட்சுக்கு ரெண்டு பித்தளைப் பூட்டு வாங்கி வச்சிருக்கேன், உப்புக் காத்துக்கு இரும்பு தாங்காது. உன் அண்ணி கேசரி கிண்டுறேன்னு சொல்லியிருக்கா. ஞாயித்துக்கிழமை காலையில தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வா. அன்னைக்கு உன் ஃபீடர்ல எல்.சி. ஏதாவது இருந்தா அதைத் திருப்பிட்டு வா, கேசரி ஆறினாப் பரவாயில்ல.

உன்,
சேகரண்ணன்