விடைத்தாள் திருத்தும் குறிப்பு: பத்தாம் வகுப்பு, சமூக அறிவியல், வினா 38 (5 மதிப்பெண்)

வினா: முதல் உலகப் போருக்கான காரணங்களை விளக்குக.

காரணங்கள் – 3 மதிப்பெண். ராணுவக் கூட்டணிகள், ஆயுதப் போட்டி, காலனிப் போட்டி, தீவிர தேசியவாதம் ஆகியவற்றில் ஏதேனும் மூன்று. பெயரை மட்டும் எழுதினால் அரை. அது போருக்கு எப்படி வழிவகுத்தது என்று ஒரு வரியாவது இருந்தால் முழு ஒன்று. "1882 முக்கூட்டு உடன்படிக்கையால் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி ஓரணியில் நின்றன" என்பதோடு நிறுத்தினால் அரைதான். "அதனால் இரு நாட்டுச் சண்டை பல நாட்டுப் போரானது" என்று தொடர்ந்தால் ஒன்று. பாடநூல் வரிகளே வேண்டும் என்பதில்லை. சொந்த நடையில் எழுதிய பிள்ளைக்குக் குறைத்துவிடாதீர்கள்.

உடனடிக் காரணம் – 1. சரயேவோ படுகொலை. 1914 என்ற ஆண்டு போதும், ஜூன் 28 கட்டாயமில்லை. ஃபெர்டினாண்ட் பெயரில் எழுத்துப்பிழை இருந்தாலும் ஆள் புரிந்தால் சரி.

கோவை – 1. காரணங்கள் தொடர்புபடுத்தப்பட்டிருக்க வேண்டும்.

கையெழுத்துக்கும் நீளத்துக்கும் மதிப்பெண் கூட்டவோ குறைக்கவோ கூடாது. படிக்கவே முடியாத வரி இருந்தால் இன்னொரு ஆசிரியரிடம் காட்டிய பிறகே பூஜ்யம். அடித்துவிட்டு மாற்றி எழுதாத பகுதி படிக்கும்படி இருந்தால் அதையும் திருத்துங்கள்.