பொருளாளர் பொறுப்பிலிருந்து விலகலும் கணக்கு ஒப்படைப்பும்

10 ஜூன் 2025

தலைவர் மற்றும் செயலவையினர்,
வாசகர் மன்றம்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா,

வணக்கம். 2016 முதல் நான் வகித்துவரும் பொருளாளர் பொறுப்பிலிருந்து, வரும் ஜூன் 30-ஆம் தேதியோடு விலகிக்கொள்கிறேன்.

காரணம் உடல்நிலைதான், வேறொன்றுமில்லை. சர்க்கரை நோய் கண்ணுக்குள் இறங்கிவிட்டது. வலது கண்ணின் விழித்திரைக்கு லேசர் சிகிச்சை முடிந்தது. இடது கண்ணுக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாசலில் நிற்பவர் யார் என்று தெரிகிறது, ஆனால் ரசீதில் இருக்கும் 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரிவதில்லை. சில மாதங்களாக மகள் வாசித்துக் காட்ட, நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். இதுவரை கணக்கு சுத்தமாகவே இருக்கிறது. ஆனால் எண்ணைத் தானே படிக்க முடியாதவர் பிறர் பணத்துக்குக் கையெழுத்துப் போடுவது முறையல்ல. ஆண்டு முடியும்வரை பெயருக்காவது இருங்கள் என்று நீங்கள் சொன்னது அன்பினால் என்று தெரியும். இருந்தாலும் மன்னிக்க வேண்டும்.

மே 31 நிலவரப்படி வங்கி அறிக்கையில் இருப்பு 15,802 வெள்ளி 35 சென். மண்டப முன்பணத்துக்குக் கொடுத்த 300 வெள்ளி காசோலையும் அச்சகத்துக்குக் கொடுத்த 640 வெள்ளி காசோலையும் அன்றுவரை வங்கிக்குப் போகவில்லை. அவற்றைக் கழித்தால் நம் பேரேட்டில் உள்ள 14,862 வெள்ளி 35 சென் சரியாக வரும். புதியவர் அறிக்கையை மட்டும் பார்த்துவிட்டுக் கூடுதலாகப் பணம் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன். நிரந்தர வைப்பில் 20,000 வெள்ளி. செப்டம்பர் 18-ஆம் தேதி முதிர்கிறது. பிஸ்கட் டின்னில் கைப்பணம் 213 வெள்ளி 40 சென். ஆக மொத்தம் 35,075 வெள்ளி 75 சென்.

நடப்புக் கணக்கில் இருப்பதில் 3,500 வெள்ளி தமிழ்ப்பள்ளி மாணவர்களின் புத்தக உதவிக்கென்று நன்கொடையாளர்கள் கொடுத்தது. அதைப் பொங்கல் செலவுக்கோ பேச்சாளரின் பயணச் செலவுக்கோ தொடக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது யாராவது 'இப்போதைக்கு எடுத்துக்கலாம், அப்புறம் போட்டுடலாம்' என்பார்கள். புதியவரும் மறுக்க வேண்டும். செயலவை அவர் பக்கம் நிற்க வேண்டும்.

இந்த ஆண்டுச் சந்தா 24 வெள்ளியை இன்னும் 11 பேர் கட்டவில்லை. பட்டியல் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. தயவுசெய்து கூட்டத்தில் பெயர் வாசிக்க வேண்டாம். சிலருக்கு உண்மையிலேயே கஷ்டம். தனியாகக் கேட்டால் போதும். ரசீதுப் புத்தகம் 0417 வரை எழுதப்பட்டுள்ளது. 0403 ரத்துசெய்யப்பட்டது, அசலும் நகலும் அங்கேயே பின் அடித்து வைக்கப்பட்டிருக்கின்றன.

அவசரமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. நம் ஆண்டுப் பொதுக்கூட்டம் ஏப்ரல் 27-ல் நடந்தது. சங்கச் சட்டப்படி 60 நாளுக்குள், அதாவது ஜூன் 26-க்குள், சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போக வேண்டும். கணக்காய்வாளர்கள் கையெழுத்திட்ட வரவு செலவுக் கணக்கைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். eRoses-இல் அவர் பதிவேற்ற வேண்டியதுதான் பாக்கி. கடைசி நாள்வரை வைத்திருக்க வேண்டாம்.

வங்கியில் கையெழுத்து மாற்றுவதற்குச் செயலவைத் தீர்மானத்தின் நகல் கேட்பார்கள். ஆகவே அடுத்த கூட்டத்திலேயே புதியவரை நியமித்துக் குறிப்பேட்டில் ஏற்றிவிடுங்கள். துணைப் பொருளாளர் ரசீது எழுதுவதிலும் கேட்டு வாங்குவதிலும் கெட்டிக்காரர், அவரையே போடலாம் என்பது என் எண்ணம். மாற்றம் முடியும்வரை வங்கிக்கு வரச்சொன்னால் வருகிறேன், யாராவது காரில் கூட்டிப் போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வெற்றுக் காசோலைகளில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேன். இணைய வங்கியின் கடவுச்சொல்லையும் கைமாற்றிவிட மாட்டேன். புதியவர் தம் பெயரிலேயே பதிந்துகொள்ளட்டும்.

ஜூன் 22, ஞாயிறு காலை 10 மணிக்கு மன்ற அறையில் ஒப்படைப்பை வைத்துக்கொள்ளலாமா? கணக்காய்வாளர்கள் இருவரும் இருந்தால் நல்லது. பேரேடு, ரசீது, வவுச்சர் கோப்புகள், காசோலைப் புத்தகம், வைப்புச் சான்றிதழ், அலமாரிச் சாவி எல்லாவற்றுக்கும் பட்டியல் இரண்டு பிரதி தயாராக இருக்கிறது. டின்னில் உள்ள காசை எல்லார் முன்னிலையிலும் எண்ணிப் பார்த்த பிறகே கையெழுத்திடலாம். பழைய ஆண்டுகளின் கோப்புகள் என் வீட்டு மாடியில் மூன்று பெட்டிகளில் உள்ளன. தூக்க இளைஞர்கள் இருவரை அனுப்பிவையுங்கள். மகள் எக்செலில் ஏற்றிய கணக்கைத் தம்ப் டிரைவில் தருவாள்.

இத்தனை ஆண்டுகளில் கணக்கைக் கேள்வி கேட்டவர்கள் உண்டு, சந்தேகப்பட்டவர்கள் இல்லை. அதற்கு உங்கள் எல்லாருக்கும் நன்றி. உறுப்பினராகத் தொடர்கிறேன், சந்தா கட்டிவிட்டேன், ரசீது எண் 0398.

அன்புடன்,
இரா. மாணிக்கம்
பொருளாளர்

நகல்: செயலாளர், துணைப் பொருளாளர், கணக்காய்வாளர்கள்