சொந்த செல்போனில் அலுவலக வைஃபை, பிரிண்டர் பயன்படுத்துவோருக்கான விதிகள்

சுற்றறிக்கை எண்: த.தொ. 04/2026
நாள்: 20.02.2026
பெறுநர்: மெர்ச்சண்டைசிங், கணக்கு, ஷிப்பிங், தரப் பரிசோதனை, மனிதவளப் பிரிவுப் பணியாளர்கள் அனைவரும், திருப்பூர் தலைமை அலுவலகம்
நடைமுறைக்கு வரும் நாள்: 02.03.2026, திங்கள்கிழமை காலை 8.30 மணி

வரவேற்பறை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கும் வைஃபை பாஸ்வேர்டு மார்ச் 1 ஞாயிறு இரவோடு செல்லாது. ஐந்து ஆண்டுகளாக ஒரே பாஸ்வேர்டைத்தான் பயன்படுத்தி வருகிறோம். வேலையை விட்டுப் போனவர்களுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்களிலிருந்து வந்து போகிறவர்களுக்கும் அது தெரியும். பையர்களின் டெக் பேக், விலைப்பட்டியல், ஊழியர்களின் சம்பள விவரம் எல்லாம் இருக்கும் வலைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பது நமக்கே தெரியாத நிலை இனி நீடிக்கக் கூடாது.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காலை பத்து மணிக்குமேல் உங்கள் போனில் "Obtaining IP address…" என்ற வரி வந்து, அதற்குமேல் நகராமல் நிற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பழைய வலையில் மொத்தமே 254 முகவரிகள்தான். கணினிகள், பிரிண்டர்கள், கண்காணிப்பு கேமராக்கள், வருகைப் பதிவுக் கருவிகள் எல்லாவற்றுக்கும் போக மிஞ்சுவதில்தான் போன்களுக்குக் கொடுத்தாக வேண்டும். ஒருவரே இரண்டு போன், ஒரு டேப்லெட் என்று இணைத்துவிட்டால், பிறகு வருகிறவருக்கு முகவரி கிடைக்காது. அதனால்தான் இனி ஒருவருக்கு ஒரு போன்.

மூன்று வலைகள்

திங்கள்கிழமை முதல் உங்கள் போனில் மூன்று பெயர்கள் தெரியும். `OFFICE-WORK` நிறுவனத்தின் கணினிகளுக்கு மட்டுமானது. சொந்த போனை அதில் இணைக்க யாருக்கும் அனுமதி இல்லை, மேலாளர்களுக்கும் இல்லை. `OFFICE-STAFF` பதிவு செய்த போன்களுக்கானது. இணையமும் முதல் மாடி கருப்பு-வெள்ளை பிரிண்டரும் இதில் கிடைக்கும். `OFFICE-GUEST` பையர்களின் பிரதிநிதிகளுக்கும் விருந்தினர்களுக்கும் உரியது. இதில் இணையம் மட்டும் உண்டு. அந்த வலையிலிருந்து பிரிண்டரைத் தேடினால் கிடைக்காது. பிரிண்டர் பழுது என்று நினைத்துக்கொண்டு அதை அணைத்து அணைத்துப் போட வேண்டாம்.

பதிவு செய்வது எப்படி

பிப்ரவரி 23 முதல் 28 வரை, காலை 9.30 முதல் 11 வரையிலும் மாலை 4 முதல் 5 வரையிலும், முதல் மாடியில் எங்கள் தகவல் தொழில்நுட்பப் பிரிவு அறைக்குப் போனையும் அடையாள அட்டையையும் எடுத்து வாருங்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் ஆகும். ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயரும் தனி பாஸ்வேர்டும் தருவோம். போன் தொலைந்தால் அந்த ஒரு கணக்கை மட்டும் மூடிவிடலாம். மற்றவர்கள் யாரும் பாஸ்வேர்டு மாற்ற வேண்டியிருக்காது.

முதன்முறை இணைக்கும்போது, சான்றிதழை நம்பலாமா என்று சில போன்கள் கேட்கும். ஐபோனில் "Trust" என்ற பொத்தான் வரும். அதை எங்கள் மேசையில் வைத்தே முடித்துவிடுவோம். வேறொரு நாள் திடீரென்று அதே கேள்வி மீண்டும் வந்தால், அதுவும் அலுவலகத்துக்கு வெளியே பேக்கரியிலோ பஸ் நிறுத்தத்திலோ வந்தால், பொத்தானைத் தொடாதீர்கள். அதே பெயரில் யாரோ ஒரு போலி வைஃபையை வைத்திருக்கக்கூடும். உடனே 214க்கு அழையுங்கள். எங்கள் பக்கம் சான்றிதழை மாற்றும்போது முந்தின நாளே உங்களுக்குச் சொல்லிவிடுவோம்.

ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் தங்கள் உண்மையான MAC முகவரியை மறைத்து, வைஃபைக்கு ஒரு மாற்று முகவரியைக் காட்டுகின்றன. பொது இடங்களில் நல்ல பாதுகாப்பு அது. ஆனால் பதிவு செய்த போன் எது என்று எங்களுக்கு அடையாளம் தெரிய வேண்டும். ஆகவே `OFFICE-STAFF` ஒன்றுக்கு மட்டும் ஆண்ட்ராய்டில் "Use device MAC" அல்லது "Use phone MAC" என்று மாற்றவும். ஐபோனில் "Private Wi-Fi Address" என்பதை அணைக்கவும். ரயில் நிலையத்திலும் ஓட்டலிலும் பயன்படுத்தும் மற்ற வலைகளுக்கு அந்த மறைப்பு அப்படியே இருக்கட்டும்.

திரைப்பூட்டு இல்லாத போனையும், தயாரிப்பாளர் வைத்த பாதுகாப்புக் கட்டுப்பாட்டை நீக்கி ரூட் செய்த போனையும், பாதுகாப்பு அப்டேட் வந்து ஓராண்டுக்கு மேலான போனையும் பதிவு செய்ய முடியாது. அப்படிப்பட்ட போன் வைத்திருப்பவர்கள் இதற்காகப் புதுப் போன் வாங்க வேண்டியதில்லை. `OFFICE-GUEST` அவர்களுக்கும் திறந்திருக்கும். அச்சிட வேண்டியிருந்தால் மெர்ச்சண்டைசிங் கூடத்தின் ஜன்னலோரப் பொதுக் கணினியைப் பயன்படுத்தலாம். சொந்த போனை இணைக்க விருப்பமில்லை என்பவர்களுக்கும் இதே ஏற்பாடுதான். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் எதைப் பார்க்கிறோம்

இதைப் பற்றி என்னிடம் நேரில் கேட்டவர்கள் பலர். கேட்கத் தயங்கியவர்கள் அதைவிட அதிகமாக இருப்பார்கள். உங்கள் போனில் எந்தச் செயலியையும் நாங்கள் நிறுவப் போவதில்லை. உங்கள் புகைப்படங்களோ வாட்ஸ்அப் செய்திகளோ வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டோ எங்களுக்குத் தெரியாது. எங்கள் வலையில் அவற்றைப் பார்க்கவும் வழியில்லை. எந்தக் கணக்கு எந்த நேரத்தில் இணைந்தது, எவ்வளவு டேட்டா போனது, எந்த இணையதளத்தின் பெயர் கேட்கப்பட்டது என்பவை பதிவாகும். எந்தக் கோப்பு எந்தக் கணக்கிலிருந்து அச்சுக்குப் போனது என்பதும் பதிவாகும். கோப்பின் பெயர் அதில் இருக்கும், உள்ளடக்கம் இருக்காது. ஆகவே கோப்புக்குப் பெயர் வைக்கும்போது அதை நினைவில் வையுங்கள்.

இந்தப் பதிவுகளை 180 நாள் வைத்திருப்போம். 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு நிறுவனங்களுக்கு விதித்திருக்கும் கால அளவு அது. எங்கள் பிரிவில் இருவர் மட்டுமே அவற்றைத் திறக்க முடியும். மேலாளர் ஒருவர் தன் பிரிவு ஊழியரின் பதிவைக் கேட்டாலும், மனிதவளத் துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் கொடுக்க மாட்டோம்.

வைஃபையில் செய்யக் கூடாதவை

உங்கள் பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதீர்கள். பக்கத்து மேசைக்காரருக்கும் வேண்டாம், அவசரமாக வந்த டிரைவருக்கும் வேண்டாம். டிரைவருக்கு விருந்தினர் வலையை வரவேற்பறையில் ஒரு நிமிடத்தில் தருவார்கள். அலுவலக வைஃபையில் இருந்துகொண்டு போனில் ஹாட்ஸ்பாட் போடக் கூடாது. சில போன்கள் வாங்கிய வைஃபையையே ஹாட்ஸ்பாட் வழியாக மற்றவர்களுக்குப் பகிர்ந்துவிடும்; பதிவு செய்யாத நான்கு பேர் உங்கள் பெயரில் உள்ளே வந்துவிடுவார்கள். அவர்கள் செய்வதெல்லாம் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும்.

படங்களைத் தானாகப் பதிவேற்றும் வசதியையும் பெரிய அப்டேட்களையும் வீட்டு வைஃபைக்கு விட்டுவிடுங்கள். ஐரோப்பிய பையர்களுடன் காணொளி அழைப்புகள் பெரும்பாலும் மாலையில்தான் நடக்கின்றன. கல்யாண ஆல்பம் ஒன்று மேலேறிக்கொண்டிருந்தால், சாம்பிளைக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்திருக்கும் மெர்ச்சண்டைசரின் படம் அந்தப் பக்கம் உறைந்து நிற்கும்.

பிரிண்டர்

போனிலிருந்து அச்சிட முதல் மாடியில் உள்ள `MERCH-BW` ஒன்றுதான். கலர் பிரிண்டரும் கணக்குப் பிரிவின் பிரிண்டரும் போனுக்குத் தெரியாது. இதற்கென்று தனிச் செயலி எதையும் இறக்க வேண்டாம். ஆண்ட்ராய்டில் "Default Print Service", ஐபோனில் "Print" என்று உள்ளேயே இருப்பது போதும். பிளே ஸ்டோரில் கிடைக்கும் சில பிரிண்ட் செயலிகள் உங்கள் கோப்பை முதலில் வெளியே உள்ள சர்வருக்கு அனுப்பி, அதன் பிறகே அச்சுக்குக் கொண்டுவருகின்றன. பையரின் டிசைன் அந்த வழியில் போகக் கூடாது.

அச்சிடும் முன் காகித அளவைப் பாருங்கள். இந்தச் சுற்றறிக்கையில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: "Letter" என்று இருந்தால் "A4" என்று மாற்றுங்கள். ஜனவரி கடைசி வாரத்தில் ஒரு மாலை, போனிலிருந்து வந்த இரண்டு பக்கக் கோப்பு ஒன்று `Letter` அளவில் வரிசையில் நின்றது. நம்மிடம் அந்த அளவுக் காகிதமே கிடையாது. காகிதம் வை என்று பிரிண்டர் மஞ்சள் விளக்கை எரியவிட்டுக் காத்திருந்தது. அதற்குப் பின்னால் ஷிப்பிங் பிரிவின் இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும். அச்சு வரவில்லையே என்று ஒருவர் மறுபடி அழுத்த, இன்னொருவரும் அழுத்த, வரிசையில் பதினேழு கோப்புகள் சேர்ந்துவிட்டன. கீழே தூத்துக்குடிக்குப் புறப்பட வேண்டிய கன்டெய்னர் லாரி நாற்பது நிமிடம் நின்றது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் போனில் அளவு அப்படித்தான் முன்கூட்டியே அமைந்திருந்தது.

அச்சு வரவில்லை என்றால் இரண்டாம் முறை அழுத்தாதீர்கள். பிரிண்டர் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று நேரில் பாருங்கள். புரியாவிட்டால் 214. பிரிண்டரை அணைத்துப் போடுவது எங்கள் வேலை.

சாயப்பட்டறையிலிருந்தும் நிட்டிங் யூனிட்டிலிருந்தும் வாட்ஸ்அப்பில் வரும் பில் படங்களை அப்படியே அச்சுக்கு அனுப்ப வேண்டாம். டியூப்லைட் வெளிச்சத்தில், மேசையோடு சேர்த்து எடுத்த படத்தில் பில் கால்வாசி இருக்கும். மீதி முக்கால் பக்கமும் கறுப்பு. டோனர் அதில்தான் கரைகிறது, எண்களும் தெளிவாக விழுவதில்லை. பில்லின் ஓரங்களை வெட்டி, ஸ்கேன் வசதியில் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். எப்படி என்பதைப் பதிவுக்கு வரும்போதே காட்டுகிறோம்.

போனிலிருந்து அனுப்பும் அச்சுக்கு ரகசிய எண் பூட்டு கிடையாது. அனுப்பிய உடனே தாள் வெளியே வந்து விழும். பிரிண்டர் அருகில் நின்றுகொண்டு அனுப்புங்கள். போன வாரம் காலையில் தட்டிலிருந்து நான் எடுத்தது, ஒருவரின் ஆதார் நகல், இன்னொருவரின் வங்கிக் கணக்கு விவரம், பாதி விலைப்பட்டியல் ஒன்று. இரவு முழுவதும் அவை அங்கேயே கிடந்திருக்கின்றன. சம்பள விவரம், மருத்துவ அறிக்கை, பையரின் விலை ஆகியவற்றைக் கணினியிலிருந்து ரகசிய எண் வைத்தே அச்சிட வேண்டும். மாலை 7 மணிக்குத் தட்டில் மிஞ்சும் தாள்கள் கிழிக்கும் இயந்திரத்துக்குப் போய்விடும்.

பிள்ளைகளின் பள்ளிப் படிவம், பயணச்சீட்டு போன்ற சொந்தத் தேவைகளுக்கு மாதம் 10 பக்கம் வரை அச்சிட்டுக்கொள்ளலாம். அதற்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை.

போன் தொலைந்தால், தவறு நடந்தால்

போன் தொலைந்தாலோ திருடு போனாலோ அந்த நிமிடமே சொல்லுங்கள். பகலில் 214, இரவிலும் விடுமுறையிலும் பாதுகாவலர் அறை 200. கணக்கை மூட எங்களுக்கு இரண்டு நிமிடம் போதும். சந்தேகமான இணைப்பைத் தொட்டுவிட்டேன், பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டேன் என்று தாமாக வந்து சொல்பவர் மீது நடவடிக்கை எதுவும் இருக்காது. நிர்வாக இயக்குநரிடம் பேசி இதை உறுதி செய்துகொண்ட பிறகே எழுதுகிறேன்.

ஹாட்ஸ்பாட் போன்ற மீறல்களுக்கு முதல் முறை நேரில் பேசுவோம். மறுமுறை நடந்தால் 30 நாள் இணைப்பு நிறுத்தப்படும். பாஸ்வேர்டை வெளியாருக்கு வேண்டுமென்றே கொடுத்தால் விவகாரம் மனிதவளத் துறைக்குப் போகும். பணியிலிருந்து விலகுபவரின் கணக்கு கடைசி நாள் மாலையில் மூடப்படும். அவருடைய போனை நாங்கள் வாங்கிப் பார்க்க மாட்டோம்.

பிப்ரவரி 28க்குள் வர இயலாதவர்கள், குறிப்பாக வெளியூர் ஆய்வில் இருக்கும் தரப் பரிசோதனைக் குழுவினர், மார்ச் 7 சனிக்கிழமை வரை வரலாம். அதுவரை விருந்தினர் வலையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

தலைவர்,
தகவல் தொழில்நுட்பப் பிரிவு

நகல்: நிர்வாக இயக்குநர் அலுவலகம், மனிதவளத் துறை, வரவேற்பறை, பாதுகாவலர் அறை, முதல் மாடி பிரிண்டர் அருகிலுள்ள அறிவிப்புப் பலகை