டிபன் பையில் ஒரு கடிதம்

என்னங்க,

சாப்பிட்டு முடிச்ச பிறகுதான் இதைப் பிரிச்சிருப்பீங்கன்னு நம்புறேன். இல்லேன்னா முதல்ல சாப்பிடுங்க. எலுமிச்சை சாதம், ஆறினா நல்லா இருக்காது.

காஞ்சிபுரத்துல சித்தி மக வீட்டுக் கிரகப்பிரவேசம்னு சொல்லி, சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் லீவு எழுதிக் கொடுக்கச் சொன்னேன் இல்லையா? அது பொய். அந்த வீட்டுல இன்னும் பூச்சு வேலையே முடியல. இந்த 25 வருஷத்துல உங்ககிட்ட நான் சொன்ன பெரிய பொய் இதுதான். மன்னிச்சிடுங்க.

ஞாயிற்றுக்கிழமை நம்ம கல்யாண நாள். அன்னைக்கு நாம சென்னையில இருக்க மாட்டோம். நீங்களும் நானும் மட்டும் ஒரு ஊருக்குப் போறோம். எந்த ஊர்னு வண்டி கிளம்புற வரைக்கும் சொல்ல மாட்டேன்.

போன மாசம் ஒரு ராத்திரி தூக்கம் வராம, நாம எங்கெங்க போயிருக்கோம்னு எண்ணிப் பார்த்தேன். திருப்பதி, அத்தையோட வேண்டுதலுக்கு. மதுரை, உங்க தம்பி கல்யாணத்துக்கு. திருச்சி, மாமா போனப்போ. கோயம்புத்தூர், பிரியா காலேஜ் அட்மிஷனுக்கு. எல்லாமே யாருக்காகவோ, எதுக்காகவோ போனது. ஒரு வேலையும் இல்லாம, சும்மா நாம ரெண்டு பேரும் போனது ஒரு தடவை கூட இல்லை. 2001 தை மாசம் போறதா இருந்த பயணமும் மாமாவுக்கு உடம்பு முடியாம நின்னு போச்சு. அதைப் பத்தி நீங்க ஒரு நாளும் பேசினதில்லை. நானும் கேட்கல. ஆனா மறக்கல.

அப்போ மீந்துபோன கல்யாணப் பத்திரிகை ஒண்ணோட பின்பக்கத்துல, பென்சிலால எனக்கு ஒரு படம் வரைஞ்சு காட்டினீங்க, ஞாபகம் இருக்கா? சமையல்கட்டு வாசப்படியில உட்கார்ந்து, இது எப்படி வேலை செய்யுது தெரியுமான்னு அரை மணி நேரம் சொன்னீங்க. பாதிதான் புரிஞ்சுது. சொல்லும்போது உங்க முகம் இருந்த மாதிரி அதுக்கப்புறம் நான் அதிகம் பார்த்ததில்லை. அந்தத் தாள் இன்னும் என்கிட்ட பத்திரமா இருக்கு. கூட எடுத்துட்டு வர்றேன்.

22 வருஷமா ஐ.சி.எஃப்.ல ஃபர்னிஷிங்ல நிக்கிறீங்க. ஊர் ஊராப் போறவங்க உட்கார சீட்டு மாட்டுறீங்க, அவங்க வெளிய பார்க்க ஜன்னல் பொருத்துறீங்க. அந்த ஜன்னல் ஓரம் நீங்க நிம்மதியா உட்கார்ந்து நான் பார்க்கணும். அதுதான் என் ஆசை.

இவ்வளவுதான் சொல்ல முடியும்: வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு வண்டி. சனிக்கிழமை விடியற்காலையில வேற வண்டிக்கு மாறணும். அந்த ரெண்டாவது வண்டி ரொம்ப மெதுவாப் போகும், அதுல ஏறத்தான் இந்தப் பயணமே. ரெண்டு எண் தர்றேன், 208, 16. ரெண்டும் சீட் நம்பர் இல்லை. செல்போன்ல தேடக் கூடாது, மெஷின் பக்கத்துல நிக்கிறவர்கிட்டயும் கேட்கக் கூடாது.

துணியைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்னு நினைக்காதீங்க. பெட்டியில ஸ்வெட்டரும் இருக்கு, குளிக்கிற துண்டும் நாலு இருக்கு, குடையும் இருக்கு.

பாஸ் எழுதினா உங்களுக்குத் தெரிஞ்சுடும்னு டிக்கெட்டைக் காசு கொடுத்துத்தான் வாங்கினேன். 60 நாளைக்கு முன்னாடி, காலையில 8 மணிக்கு கவுண்டர் திறக்கும்போது வரிசையில முதல் ஆளா நான்தான் நின்னேன். "வீட்டுக்காரர் ரயில்வேங்கறே, நீ ஏம்மா காசு கொடுக்குறே?"ன்னு பின்னாடி நின்ன அம்மா கேட்டாங்க. காரணத்தைச் சொன்னதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. பணத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க. ஜாக்கெட் தைச்ச காசுல மாசம் 1000 ரூபாய்னு 20 மாசம் சீட்டு கட்டினேன், கடைசி வரைக்கும் ஏலம் கேட்கல. வீட்டுச் செலவுல ஒரு பைசா எடுக்கல.

அத்தை நாலு நாளும் வில்லிவாக்கத்துல அண்ணி வீட்டுல இருப்பாங்க. பி.பி. மாத்திரையை வேளைக்கு வேளை பிரிச்சுக் கவர்ல போட்டு, மேல எழுதி வச்சிருக்கேன். பிரியாவுக்குப் பரீட்சை முடிஞ்சுது, அவளும் அங்கதான். திங்கட்கிழமை குடியரசு தினம், உங்களுக்கு எப்படியும் லீவு. செவ்வாய்க்கிழமை காலையில வந்து சேர்ந்துடுவோம், அன்னைக்குப் பூரா தூங்கலாம்.

வெள்ளிக்கிழமை ஓவர்டைம் ஒத்துக்காதீங்க. அஞ்சு மணிக்கு வீட்டுல இருக்கணும். ஏழு மணிக்கு ஆட்டோ வரும். சென்ட்ரலா எழும்பூரான்னு ஆட்டோக்காரரைக் கேட்காதீங்க, அவர்கிட்டயும் சொல்லி வச்சாச்சு. ராத்திரிக்கு இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டிடறேன்.

இப்படிக்கு,
உங்கள்
செல்வி

பி.கு.: அத்தைக்கு மட்டும் ஊர் தெரியும். சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் மாமாவோட பழைய மப்ளரை எடுத்துக் கொடுத்து, "இதையும் வை, அவன் போட்டுக்கட்டும்"னு சொன்னாங்க. வச்சிருக்கேன்.