காகமும் ஜாம் போத்தலும்

ஆடி வெயில். திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு காகத்துக்குத் தாகமோ தாகம். தேத்தண்ணிக் கடைச் சுவரோரம் இரண்டு ஜாம் போத்தல்கள். ஒன்றில் அடியில் கொஞ்சத் தண்ணீர், மற்றதில் பாதிக்கு மேல். இரண்டிலும் அலகு எட்டவில்லை.

ரெஜிபோம் துண்டொன்றைப் போட்டது. அது மிதந்து வாயை மறித்தது, எடுத்து எறிந்தது.

"தள்ளி விழுத்தன்," என்றது கோட்டைப் பக்கமிருந்து வந்த புள்ளிமான்.

"மண் குடிச்சிடும் அக்கா."

வீதி வேலைக்குக் குவித்திருந்த சல்லியில், போத்தல் வாய்க்குள் போகக்கூடிய கற்களாகப் பொறுக்கியது. தண்ணீர் குறைந்த போத்தலில் போட்டால் கல் இடுக்குகளுக்குள்ளேயே தண்ணீர் நின்றுவிடும், மேலே வராது. அதனால் மற்றதில், ஒவ்வொன்றாய், மெல்ல. வேகமாகப் போட்டால் தெறித்துவிடுமே!

தண்ணீர் கழுத்துக்கு ஏறியது.

"எத்தனை கல்லடா தம்பி?"

வாய் நிறையத் தண்ணீர். காகம் பதில் சொல்லவில்லை.